சுவர்த் தேனுக்கு மண்ணெண்ணெய் தீர்வல்ல

திருகோணமலையில் பழைய ஓட்டு வீடொன்றின் சுவர்ப் பொந்திலோ தாழ்வாரத்திலோ தேனீ குடியேறிவிட்டால் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "ராவைக்கு மண்ணெண்ணெயை ஊத்துங்கோ, விடிய எல்லாம் முடிஞ்சிடும்." இதற்குச் சொல்லப்படும் நியாயங்களைப் பார்ப்போம்.

"எல்லாம் ஆளைக் கொல்லும் பூச்சிதானே" என்பது முதலாவது. இல்லை. சுவருக்குள் இருட்டில், பல வதைகளை அடுத்தடுத்துத் தொங்கவிட்டு வாழ்வது பொந்துத் தேனீ. பெட்டியில் வளர்ப்பதும் அதைத்தான். சீண்டாதவரை அது பெரும்பாலும் தன் பாட்டில் போய்வரும். வெளியே தெரியும்படி ஒரே ஒரு பெரிய வதையைத் தொங்கவிடுவது மலைத்தேனீ. சிகிரியாவில் ஆட்களைத் துரத்துவது அதுவே. அங்கு சிங்கபாதத்துக்கு அருகே பார்வையாளர் ஒதுங்கக் கம்பிவலைக் கூண்டு வைத்திருக்கிறார்கள். மலைத்தேனீ பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் இனம். அது பெட்டியில் தங்காது. உயர்ந்த தாழ்வாரத்தில் அது கட்டினால் கீழே நடமாட்டத்தை மறித்துவிட்டு, போகும்வரை பொறுப்பதே பாதுகாப்பு. அதற்குப் புகை போட ஏணி வைப்பவர் வீட்டையல்ல, தெருவையே ஆபத்தில் விடுகிறார். இனி நான் சொல்வதெல்லாம் பொந்துத் தேனீயைப் பற்றியது.

"கொன்றால் வேலை முடியும்" என்பதுதான் பெரிய தவறு. ஈ செத்தாலும் வதை சுவருக்குள்ளேயே இருக்கும். உயிரோடு இருக்கையில் வேலைக்காரத் தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, சிறகால் விசிறி, புழுக்கள் இருக்கும் பகுதியை 34, 35 பாகை அளவில் வைத்திருக்கின்றன. அவை இல்லாமற் போனால் விசிற ஆளில்லை. மெழுகு உருக 60 பாகைக்கு மேல் வேண்டும் என்றாலும், அதற்கு வெகு முன்பே அது இளகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், மேற்கு வெயில் அறையும் சுவரில், தேன் கனத்த வதை அறுந்து விழுந்துவிடும். பிறகு சுண்ணாம்புப் பூச்சில் ஈரக்கறை படரும், செத்த புழு நாறும், எறும்பும் மெழுகு அந்துப்பூச்சியும் வந்து சேரும். பழைய மெழுகின் வாசனை அடுத்த கூட்டத்தையும் அதே பொந்துக்கு அழைக்கும். ஓட்டுக்கூரை மரத்தில் மண்ணெண்ணெய் ஊறுவது பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

"சரி, வாசலைச் சீமெந்தால் அடைத்துவிடுகிறேன்" என்பாரும் உண்டு. உள்ளே அடைபட்டவை வெளிச்சம் தெரியும் பக்கம் துளைதேடிப் போகும். அது பெரும்பாலும் மின்கம்பி போகும் குழாய் வழியாக உங்கள் படுக்கையறைதான்.

"அப்படியென்றால் பிடித்து முற்றத்து மூலையில் பெட்டியில் வைத்தால் போச்சு" என்பது நல்ல மனத்தோடு சொல்லும் யோசனை. ஆனால் வெளியே தேன்தேடிப் போகும் ஈக்களுக்குப் பழைய வாசல்தான் மனப்பாடம். அவை சுவருக்கே திரும்பும். செய்முறை இப்படி இருக்க வேண்டும். பின்னேரம் தென்னந்தும்பு கொண்டு இலேசாகப் புகை காட்டி, மேசனைக் கொண்டு பூச்சைப் பக்கவாட்டில் திறக்க வேண்டும். புழுவும் கூட்டுப்புழுவும் உள்ள வதைகளை வெட்டி, மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்ட வேண்டும். தேன்வதையைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. அது உடைந்தால் ஈக்கள் தேனில் மூழ்கிச் சாகும். ராணி பெட்டிக்குள் போய்விட்டதா என்பதை வாசலில் தெரிந்துகொள்ளலாம். போயிருந்தால் அங்கே நிற்கும் ஈக்கள் பின்புறத்தை உயர்த்திச் சிறகடிக்கும், மற்றவை வரிசையாக உள்ளே நடக்கும். இருட்டும்வரை பெட்டியைப் பொந்தின் வாயருகிலேயே வைத்து, திரும்பி வருபவற்றையும் சேர்த்துக்கொண்டு, அன்றிரவே இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும். இந்த இனத்துக்கு இடம் பிடிக்கவில்லையென்றால் கூண்டோடு ஓடிவிடும் பழக்கம் உண்டு. ஆகவே ராணி வெளியேற முடியாத தடுப்பைச் சில நாள் வாசலில் போட்டு, சீனிப்பாகும் வைக்க வேண்டும்.

இது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு பண்டாரவளைப் பக்கம் பிந்துனுவெவையில் இருக்கிறது. திருகோணமலைக்காரருக்கு அது தூரம். கமநல சேவை நிலையத்தில் விசாரித்தால் அருகில் பெட்டி வைத்திருப்பவர் யாரென்று தெரியவரலாம்.

யாரும் கிடைக்கவில்லையா, சுவரை உடைக்க முடியாதா? பொந்து உயரத்தில் இருந்து, ஆள் போகும் வழியில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பூ குறையும் காலத்தில் அந்த ஓடிப்போகும் பழக்கமே உங்களுக்கு உதவும். காலில் மகரந்த உருண்டையோடு உள்ளே போகும் ஈக்கள் குறைந்து, பிறகு ஒன்றுமே இல்லாமற் போனால், உள்ளே வளர்க்கப் புழுவில்லை என்று அர்த்தம். புறப்படும் கூட்டம் தேனையும் பெரும்பாலும் குடித்துத் தீர்த்துவிட்டே போகும். அந்த வாரமே எட்டும் வதையைச் சுரண்டி எடுத்து, துளையைப் பூசிவிட வேண்டும். தாமதித்தால் அடுத்த கூட்டம் வந்துவிடும்.

கொல்வதற்கு நியாயமே இல்லையா என்றால், உண்டு. வீட்டில் ஒருவருக்கு முன்பு ஒரே கொட்டில் மூச்சடைத்திருந்தால், கூடு வாசற்படிக்கு மேலே இருந்தால், எடுக்க ஆளும் இல்லையென்றால், காத்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அப்போதும் சுவரைத் திறந்து வதையை எடுக்கும் செலவு உங்கள் தலையில்தான்.