மொக்கை ஜோக்... ஆனாலும் சிரிப்பு வருவது ஏன்?

கிரேஸி மோகன் நாடகம் என்றால் அரங்கமே சிரிக்கும். சத்தம் அடங்கும்வரை நடிகர்கள் காத்திருப்பார்கள். அதையே செங்கல்பட்டில் ஒருவர் வீட்டு ஹாலில் தனியாக டிவியில் பார்த்தால்? கூடச் சிரிக்க ஆளில்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் சிட்காம்களில் 'லாஃப் டிராக்' சேர்த்தார்கள்.

1950-களில் அமெரிக்காவின் சிபிஎஸ் டிவி ஒலிப் பொறியாளர் சார்லஸ் டக்ளஸ் இதற்கென்றே ஒரு பெட்டி செய்தார். டேப்பில் பதிவான சிரிப்புகள் அதற்குள் இருக்கும். பட்டனை அழுத்தி, ஜோக்குக்கு ஏற்ப லேசான சிரிப்போ வெடிச்சிரிப்போ சேர்க்கலாம்.

சரி, இது வேலை செய்கிறதா? செய்கிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 40 மொக்கை ஜோக்குகளுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். 2019-ல் முடிவு வெளியானது. பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டபோது அதே ஜோக்குகளுக்கு மதிப்பெண் கூடியது. ஆனால், வலிந்து சிரித்த சிரிப்பைவிட அடக்கமுடியாமல் வந்த நிஜச் சிரிப்புக்குத்தான் பலன் அதிகம். அடுத்தவர் சிரிப்பைக் கேட்டதும், 'இது சிரிக்க வேண்டிய இடம்' என்று மூளை எடுத்துக்கொள்கிறது.

எல்லா இடத்திலும் இது எடுபடாது. போர்முனை மருத்துவமனையைக் காட்டிய 'மேஷ்' அமெரிக்கத் தொடரில், ஆபரேஷன் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி கிடையாது. உயிர் ஊசலாடும் இடத்தில் யாரைச் சிரிக்கச் சொல்வது?