மணியை அடித்தது நான்தான்

பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் தொடங்கிவிட்டது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் வேலையும் நடக்கிறது. அதைப் பார்த்ததும் சில வருடங்களுக்கு முன் நடந்த ஒன்றை எழுத வேண்டும்போல் இருந்தது. பிழை என்னுடையது என்பதால் எழுதுவதில் தயக்கமில்லை.

400 மீற்றர் ஓடுபாதையில் 3000 மீற்றர் ஓட்டம். சுற்று எண்ணும் வேலையை என்னிடம் தந்தார்கள். "டீச்சர் சும்மாதானே இருக்கிறீங்க, இதைப் பாருங்க" என்றுதான் தந்தார்கள். கணக்கு எனக்குத் தெரியும். 3000ஐ 400ஆல் பிரித்தால் ஏழரைச் சுற்று. பிள்ளைகள் முடிவுக் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டேன். ஏழு சுற்று என்பதால் ஆறாவது கோடு போட்டதும் கடைசிச் சுற்று மணியை அடித்தேன்.

முன்னால் வந்த பிள்ளை மணிச் சத்தம் கேட்டதும் முழு வேகத்தில் ஓடினான். மற்றவர்களை விட்டு முப்பது மீற்றர் முன்னால் வந்து கோட்டைத் தாண்டி நின்றான். அப்போதுதான் தொடக்கக் கோட்டில் நின்ற பீ.டீ. சேர் கத்திக்கொண்டே ஓடி வந்தார், இன்னும் ஒரு சுற்று இருக்கிறது என்று. அந்தப் பிள்ளை முழங்காலில் கைவைத்துக் குனிந்து நின்றான். திரும்ப ஓடினான், நாலாவதாக வந்தான். பிறகு என்னிடம் வந்து, "டீச்சர், மணி அடிச்ச பிறகு நான்தானே முதலாவதா வந்தேன்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இருக்கவில்லை.

எங்கே பிழைத்தது? ஒரு ஓடுபாதையில் எல்லா ஓட்டமும் ஒரே முடிவுக் கோட்டில்தான் முடியும். முடிவு நகராது, தொடக்கம்தான் நகரும். ஏழரைச் சுற்றில் அந்த அரைச் சுற்று கடைசியில் வருவதில்லை, முதலில் வருகிறது. 3000 மீற்றர் ஓட்டம் முடிவுக் கோட்டுக்கு 200 மீற்றர் பின்னால், எதிர்ப்பக்கத்தில் தொடங்கும். பிள்ளைகள் முதல் முறை என் முன்னால் வந்தபோது ஓடியிருந்தது 200 மீற்றர்தான். நான் அதை ஒரு முழுச் சுற்றாக எண்ணிவிட்டேன். ஆறாவது முறை வந்தபோது 2200 மீற்றர் முடிந்திருந்தது. இன்னும் 800 மீற்றர், அதாவது இரண்டு சுற்று, இருக்கும்போதே மணியை அடித்துவிட்டேன்.

1500 மீற்றரும் இப்படித்தான். மூன்றேமுக்கால் சுற்று. அந்த முக்கால் சுற்றான 300 மீற்றரை முதலில் ஓடிவிடுவார்கள். கோட்டை முதல் தடவை தாண்டும்போது இன்னும் மூன்று சுற்று மிச்சம். 5000 மீற்றரில் முதல் 200 மீற்றருக்குப் பிறகு பன்னிரண்டு சுற்று மிச்சம்.

இதற்கு என் கருத்து ஒன்றுதான்: முடிந்த சுற்றை எண்ணாதீர்கள், மிச்சமுள்ள சுற்றை எழுதுங்கள். ஓட்டம் தொடங்க முன்பே தாளில் 7, 6, 5 என்று 0 வரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிள்ளை கோட்டைத் தாண்டியதும் 7ஐ வெட்டுங்கள். 1ஐ வெட்டும்போது மணி. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் மணிக்கூட்டு நேரத்தையும் குறியுங்கள். ஒரு பிள்ளை சுற்றுக்கு 90 செக்கன் அளவில் ஓடி வரும்போது திடீரென்று 180 செக்கன் இடைவெளி தெரிந்தால், ஓடியவர் பிழையில்லை, நீங்கள் ஒரு சுற்றை எழுத மறந்துவிட்டீர்கள். பெரிய போட்டிகளில் சுற்றுக் கணிப்பாளர் ஒருவருக்கு நான்கு வீரர்களுக்கு மேல் கொடுப்பதில்லை. நாமோ இருபது பிள்ளைகளையும் ஒருவரிடம் கொடுத்து, இடையில் தேநீரும் கொடுக்கிறோம்.

அடுத்தது, ஒவ்வொரு வருடமும் வேலியோரத்தில் கேட்கும் சத்தம். 400 மீற்றர் ஓட்டம் தொடங்கப் போகும்போது, "அந்த வெளி லேன் பிள்ளையை ஏன் அவ்வளவு முன்னுக்கு விட்டிருக்கிறீங்க?" என்று யாராவது ஒரு வாப்பா கேட்பார். இதுவும் அதே விசயம்தான். முடிவுக் கோடு எல்லாருக்கும் ஒன்று. வெளி லேனில் வளைவு பெரிது, ஆகவே தூரம் கூடுகிறது. கூடுகிற தூரத்தைத் தொடக்கத்தில் முன்னுக்கு விட்டுச் சமப்படுத்துகிறோம். லேனின் அகலம் 1.22 மீற்றராக உள்ள நியம ஓடுபாதையில் இரண்டாம் லேனில் ஒரு சுற்று ஏறக்குறைய 407 மீற்றர், எட்டாம் லேனில் 453 மீற்றர். சுபஹுக்குப் பின் மைதானத்தில் நடப்பவர்கள் வெளி லேனில் பத்துச் சுற்று நடந்தால் அது நாலு கிலோமீற்றர் அல்ல, நாலரை.

ஆனால் அந்த வாப்பாவின் சந்தேகம் சில மைதானங்களில் நியாயமானது. நேர்ப்பகுதியில் எல்லா லேனுக்கும் தூரம் ஒன்றுதான். வித்தியாசம் இரண்டு வளைவிலும்தான் வருகிறது, இரண்டும் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். ஆகவே ஒரு சுற்றுக்கு லேனுக்கு லேன் கூடும் தூரம், லேனின் அகலத்தை 2 × 3.14 ஆல் பெருக்கினால் வரும் விடை. ஓடுபாதை பெரிதா சிறிதா என்பது இதில் சேராது, லேனின் அகலம் மட்டும்தான் சேரும். 1.22 மீற்றர் என்றால் 7.66 மீற்றர். (உள்விளிம்பில் உயர்த்திய கட்டு உள்ள நியம ஓடுபாதையில் முதலாம் லேனை அளக்கும் கோடு சற்றுத் தள்ளி இருப்பதால், முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் மட்டும் 7.04.)

நம் மைதானங்களில் இடம் போதாமல் லேனை ஒரு மீற்றராகக் குறுக்கிக் கோடு போடுகிறோம். அப்போது கூடும் தூரம் 6.28 மீற்றர்தான். ஆனால் முன்னுக்கு விடும் அளவை மட்டும் பழைய அட்டவணையைப் பார்த்து 7.66 என்றே போடுகிறோம். ஆறாம் லேன் பிள்ளையைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்து லேன் தள்ளி நிற்பதால் 31.4 மீற்றர் முன்னுக்கு விட வேண்டும். அட்டவணைப்படி விட்டால் 38.3. ஏறக்குறைய ஏழு மீற்றர் இனாம். 60 செக்கனில் 400 மீற்றர் ஓடும் பிள்ளைக்கு அது ஒரு செக்கனுக்கு மேல். முதலாம் லேன் பிள்ளை எவ்வளவு ஓடினாலும் அந்த ஒரு செக்கனைப் பிடிப்பது கஷ்டம். வலயப் போட்டிக்குப் போகும் பெயர் அந்த ஒரு செக்கனில் மாறிவிடுகிறது.

ஆகவே நம் ஊர்ப் பாடசாலைகளின் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களிடமும், உதவிக்கு வரும் பழைய மாணவர்களிடமும் இரண்டு கோரிக்கை. அட்டவணையைக் கையில் எடுக்க முன் அளவு நாடாவால் லேனின் அகலத்தை அளந்து பாருங்கள். சுற்று எண்ணும் வேலையை யார் சும்மா இருக்கிறார் என்று பார்த்துக் கொடுக்காதீர்கள். அந்த ஆசிரியருக்கு முதல் நாளே தாளைக் கொடுத்து, எங்கே தொடங்குகிறது, எத்தனையாவது முறையில் மணி என்று சொல்லிக் கொடுங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்து வேலைக்குப் போகிறான். சந்தியில் கண்டால் சிரித்து ஸலாம் சொல்வான். அவன் கேட்டதற்கு என் பதில் இதுதான்: ஓம் மகன், மணி சரியான நேரத்துக்கு அடித்திருந்தால் நீதான் முதலாவதாக வந்திருப்பாய் என்று நினைக்கிறேன். பிழை உன் ஓட்டத்தில் இல்லை, என் தாளில்.