பறிபோன பங்கு

உங்கள் பெரியப்பா ஒரு கம்பெனியில் 100 பங்குகள் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்கின் முகமதிப்பு 10 ரூபாய். ஆனால் எல்லாப் பணத்தையும் கம்பெனி ஒரே தடவையில் கேட்கவில்லை. மனுவோடு 3 ரூபாய், பங்கு ஒதுக்கியதும் 3 ரூபாய், அப்புறம் இரண்டு தவணை 'அழைப்பு', ஒவ்வொன்றும் 2 ரூபாய். பெரியப்பா முதல் இரண்டையும் கட்டி, அதாவது 600 ரூபாய் கொடுத்துவிட்டு, அழைப்புகள் வந்தபோது சும்மா இருந்துவிட்டார். ஒரு நாள் கடிதம் வருகிறது: "தங்கள் பங்குகள் பறிமுதல் செய்யப்பட்டன."

"600 ரூபாய் என் பணமாயிற்றே, அது எங்கே போயிற்று?" என்று அவர் கேட்பார். நியாயமான கேள்விதான். பதில் அவருக்கு ருசிக்காது. அது கம்பெனிக்கே போயிற்று. அவர் பங்குதாரர் என்ற அந்தஸ்தும் அன்றே போயிற்று. அதோடும் விடுவதில்லை. பறிமுதல் தேதியில் பாக்கியாயிருந்த 400 ரூபாய்க்கு அவர் பொறுப்பு நீங்குவதில்லை. கம்பெனி அந்தப் பாக்கியை முழுவதும் பெற்றுக்கொள்ளும் வரையில் அது அவர் தலையில்தான்.

இப்படிச் செய்யக் கம்பெனிக்கு அதிகாரம் அதன் விதிகளிலிருந்து வரவேண்டும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் மாதிரி விதிகள் இருக்கின்றன. அவற்றின்படி, அழைப்புக்குக் குறைந்தது 14 நாள் அவகாசம் கொடுக்கவேண்டும். தவறினால் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேற்படாத வட்டி கேட்கலாம். பிறகு தனி நோட்டீஸ்: 'இன்ன தேதிக்குள் இவ்வளவு செலுத்தவும், தவறினால் பங்குகள் பறிபோகும்.' அதற்கும் 14 நாளாவது தவணை. அதன் பிறகுதான் டைரக்டர்கள் கூடித் தீர்மானம் போடலாம்.

இந்த நோட்டீஸை லேசாக எண்ணாதீர்கள். சென்னை ஹைக்கோர்ட்டிலிருந்து மேல்முறையீடாகச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் 1960-களில் முடிந்த ஒரு பஸ் கம்பெனி வழக்கில், நோட்டீஸ் 'அழைப்புத் தொகையுடன் வட்டியும் செலவும்' என்று கேட்டதே தவிர, வட்டி எவ்வளவு, செலவு எவ்வளவு என்று சொல்லவில்லை. அது போதும், பறிமுதல் செல்லாது என்றாயிற்று. சொத்தைப் பிடுங்குகிற காரியத்தில் சிறு பிழையும் பெரும் பிழைதான் என்பது கோர்ட்டுகளின் போக்கு. ஆகையால் கடிதம் வந்தால் முதலில் தொகையையும் தேதியையும் கூட்டிப் பாருங்கள்.

இனி கம்பெனியின் பக்கம். பெரியப்பாவின் 100 பங்குகளை அது வேறொருவருக்கு, முழுப் பணமும் கட்டியாயிற்று என்று கருதி, 7 ரூபாய் வீதம் விற்கிறது. "முகமதிப்புக்குக் கீழே பங்கு வெளியிடக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே!" என்பீர்கள். இருக்கிறது. ஆனால் இது புதுப் பங்கல்ல; முதலில் சரியாக வெளியிட்ட பங்கு கைமாறுகிறது. கழிவு மட்டும், அந்தப் பங்கின்பேரில் முன்பே வந்த பணத்தைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் பங்குக்கு 6 ரூபாய் வந்திருக்கிறது. ஆகவே 4 ரூபாய்க்குக் குறைத்து விற்க வழியில்லை. 7 ரூபாய்க்கு விற்றால் கழிவு 3. 100 பங்குக்கு 300. பெரியப்பாவின் 600-லிருந்து 300 இந்தக் கழிவை ஈடுகட்டுகிறது. மீதி 300 மூலதன இருப்பாகிறது. அதை லாபமென்று பங்காதாயமாகப் பிரித்துவிட வேண்டாம்.

கணக்கெழுதுகிறவர்கள் இடறுகிற இடம் ஒன்று உண்டு. 100-ல் 60 பங்குதான் விலைபோயிற்று என்றால், 600-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு கழிவு 180 போக 420-ஐ இருப்புக்கு மாற்றிவிடுகிறார்கள். தப்பு. அந்த 60 பங்குக்கு உரியது 360. கழிவு 180 போக மாற்றத்தக்கது 180 மட்டும். மீதி 40 பங்கின் 240 ரூபாய், அவை விற்கும் வரையில் பறிமுதல் கணக்கிலேயே காத்திருக்கவேண்டும்.

இது பழைய காலத்துச் சங்கதி என்று நினைக்கவேண்டாம். 2020-இல் ரிலையன்ஸ் கம்பெனி தன் பங்குதாரர்களுக்கு 1,257 ரூபாய் விலையில் உரிமைப் பங்குகளை வழங்கியபோது, மனுவோடு கேட்டது கால் பங்கு, 314 ரூபாய் 25 காசு மட்டுமே. மற்றதெல்லாம் 2021-இல் இரு அழைப்புகளாக வந்தது. இப்படிப் பாதி கட்டிய பங்குகள் சந்தையில் மலிவாகத் தென்படும். ஆனால் அழைப்பு வரும் நாளில் யார் கையில் பங்கு இருக்கிறதோ அவர்தான் பணம் கட்டவேண்டும். வீடு மாறினவர்கள் புது விலாசத்தை உடனே பதிவு செய்துவிடுவது நல்லது. பழைய விலாசத்துக்குப் போன நோட்டீஸும் நோட்டீஸ்தான் என்று கம்பெனி வாதிக்கும்.

பெரியப்பாவுக்கு ஒரு சின்ன வழி பாக்கி இருக்கிறது. பங்குகள் மறுபடி விற்கப்படுவதற்கு முன், டைரக்டர்கள் தங்களுக்குச் சரியென்று தோன்றும் நிபந்தனைகளின்பேரில் பறிமுதலை ரத்து செய்யலாம். ஆனால் செய்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கில்லை. ஆகவே பாக்கியும் வட்டியும் எடுத்துக்கொண்டு, விற்பனைக்கு முன்பே ஆபீஸுக்கு எழுதச் சொல்லுங்கள். விற்றுப் பதிவாகிவிட்டால், வாங்கினவர் பெயரில் பங்கு நிலைத்துவிடும்.