ஆளுக்குப் பத்தொன்பது பவுண்டு: கால்பந்து கணிப்புப் போட்டியை ஒழுங்காக நடத்துவது எப்படி?

நான் பகுதிநேரமாக வேலை பார்க்கும் கிடங்கில் ஊழியர்களுக்கு ஒரு கிளப் உண்டு. அதன் செய்தித்தாளுக்கு பிரீமியர் லீக் கணிப்புப் போட்டி பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அங்கே ஆங்கிலத்தில் அடக்கி எழுதியதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கால்பந்து பிடிக்காதவர்களும் படிக்கலாம், கணக்கு மட்டும் பிடித்திருந்தால் போதும் :-)

விளையாட்டு தெரிந்ததுதான். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 20 அணிகள், 38 சுற்றுகள். சுற்றுக்குப் பத்து ஆட்டங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் என்ன ஸ்கோர் வரும் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். ஸ்கோர் அப்படியே வந்தால் 3 புள்ளி. ஸ்கோர் தப்பி, வெற்றி தோல்வி சமநிலை மட்டும் சரியாக இருந்தால் 1 புள்ளி. ஆளுக்கு ஒரே தொகை, ஒருவருக்கு ஒரே சீட்டு. மே மாதம் முடியும்போது பரிசு.

இதில் எல்லோரும் புள்ளி விதியைப் பற்றித்தான் மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். என் கட்சி வேறு. போட்டி கடைசிவரை உயிரோடு இருக்குமா, பாதியில் செத்துப் போகுமா என்பதைத் தீர்மானிப்பது பரிசைப் பிரிக்கும் விதம்தான்.

முதலில் வந்தவருக்கே மொத்தப் பணமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமாராகக் கணிக்கும் ஒருவருக்குப் பத்து ஆட்டங்களில் ஐந்தில் முடிவு சரியாக வரும், அதில் ஒன்றில் ஸ்கோரும் பொருந்தும். அப்படியானால் சுற்றுக்கு 7 புள்ளி. நன்றாகக் கணிப்பவர் இவரைவிட ஓரிரு புள்ளிதான் கூட எடுப்பார். இந்த இடைவெளி சின்னதுதான், ஆனால் இதே வேகத்தில்தான் மூடவும் முடியும். ஜனவரியில் ஒருவர் 40 புள்ளி பின்தங்கி இருந்தால், வாரம் இரண்டு புள்ளி வீதம் எட்டிப் பிடிக்க 20 சுற்று வேண்டும். மிச்சமிருப்பதோ பதினெட்டோ பத்தொன்பதோ. அவர் முட்டாள் இல்லையே, கணிப்பு அனுப்புவதை நிறுத்திவிடுகிறார். பிப்ரவரியில் இருபது பேர் போட்டி ஐந்து பேர் போட்டியாகிவிடும். மற்ற பதினைந்து பேரும் அடுத்த ஆண்டு பணம் கட்ட யோசிப்பார்கள்.

அதனால் நான் பரிந்துரைப்பது இது. ஆளுக்கு 19 பவுண்டு, அதாவது சுற்றுக்கு ஐம்பது பென்ஸ். இருபது பேர் என்றால் 380 பவுண்டு. ஆகஸ்ட் முதல் மே வரை பத்து மாதம், ஒவ்வொரு மாதமும் அதிகப் புள்ளி எடுத்தவருக்கு 15 பவுண்டு, ஆக 150. பருவத்தின் முடிவில் முதலிடத்துக்கு 100, இரண்டாமிடத்துக்கு 60, மூன்றாமிடத்துக்கு 40. மிச்சம் 30 பவுண்டு, இருபதாம் சுற்றிலிருந்து புதிதாகத் தொடங்கும் இரண்டாம் பாதிப் பட்டியலில் முதல்வருக்கு. புத்தாண்டில் எல்லோரும் பூஜ்யத்திலிருந்து ஓடுகிறார்கள். கடைசியில் கிடப்பவருக்கும் மார்ச் மாதத்தை வெல்ல ஒரு காரணம் இருக்கிறது.

சமநிலை வந்தால்? கோல் வித்தியாசம், அதிக ஸ்கோர் சரியாகச் சொன்னவர் என்று புதுப் புது விதி தேடாதீர்கள். அந்த இடங்களின் பரிசுகளைக் கூட்டி வகுத்துவிடுங்கள். முதலிடத்தில் இருவர் என்றால் 100-ம் 60-ம் சேர்த்து ஆளுக்கு 80. அடுத்தவருக்கு மூன்றாம் பரிசு. இரண்டாமிடத்தில் மூவர் என்றால் 100 பவுண்டை மூன்றால் வகுக்க வேண்டும், ஆளுக்கு 33. மீதி ஒரு பவுண்டுக்குச் சாக்லேட் வாங்கிக் கணக்கு எழுதியவருக்குக் கொடுங்கள், பாவம்.

கணிப்பு அனுப்ப மறந்தவருக்கு என்ன? பூஜ்யம் என்றால் ஒரு வார விடுமுறையே ஆளைக் கொன்றுவிடும். எல்லா ஆட்டத்துக்கும் 1-1 என்று வைத்துக்கொள்ளலாம் என்பார் சிலர். அது அடிக்கடி வரும் ஸ்கோர் என்பதால், சமநிலைகள் குவியும் வாரத்தில் தூங்கியவர் முழித்தவரை முந்திவிடுவார். அந்த வாரம் அனுப்பியவர்களில் மிகக் குறைந்த புள்ளி எதுவோ அதைக் கொடுப்பதுதான் நியாயம். மூன்று தடவை வரை. அதற்கு மேல் பூஜ்யம். அக்டோபரில் சேருபவருக்கும் இதே வழி: 19 பவுண்டும் முழுதாகக் கட்டி, அன்றைய கடைசி ஆளின் மொத்தப் புள்ளியோடு தொடங்கட்டும். "பாதிப் பணம் தருகிறேன்" என்பவரைச் சேர்த்தால் அவர் ஜெயிக்கும் நாளில் பாதிப் பரிசா முழுப் பரிசா என்ற வழக்கு வரும்.

இப்போது முக்கியமான விஷயம். 2023 டிசம்பர் 16, போர்ன்மவுத் ஊரில் லூட்டன் அணியுடன் ஆட்டம். 1-1 என்று இருக்கும்போது, 59-ம் நிமிடத்தில் லூட்டன் கேப்டன் டாம் லாக்யர் இதயத் துடிப்பு நின்று மைதானத்திலேயே சரிந்தார். அவர் பிழைத்துக்கொண்டார். ஆட்டம் கைவிடப்பட்டது. 2024 மார்ச் 13-ல் முதலிலிருந்து மறுபடி நடத்தினார்கள். இடைவேளையில் லூட்டன் 3-0 என்று முன்னிலை, முடிவில் போர்ன்மவுத் 4-3 வெற்றி!

1-1 என்று எழுதியவருக்கு 3 புள்ளி உண்டா? டிசம்பரில் எழுதிய கணிப்பு மார்ச்சுக்குச் செல்லுமா? விதி எழுதி வைக்காத குழுவில், ஒரு மனிதன் உயிருக்குப் போராடும் இரவில் யாராவது ஒருவர் வாயைத் திறந்து இதைக் கேட்டாக வேண்டும். அந்த அசிங்கம் வேண்டாம் என்பதற்காகவே விதி முன்பே வேண்டும். என் விதி: முழுதாக நடக்காத ஆட்டத்துக்குப் புள்ளி இல்லை. மறு ஆட்டத்துக்குப் புதுக் கணிப்பு, ஏனென்றால் மூன்று மாதத்தில் இரு அணிகளும் மாறியிருக்கும். புள்ளி, ஆட்டம் நடந்த மாதத்தின் கணக்கில் சேரும். பழைய கணிப்பே செல்லும் என்பவர்களும் உண்டு, அவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. எதுவானாலும் ஆகஸ்டிலேயே எழுதுங்கள்.

கணக்கு எழுதுபவரும் ஆடுவார் அல்லவா? பத்தொன்பது பேர் கணிப்பையும் பார்த்துவிட்டுத் தன்னுடையதை எழுதும் வசதி அவருக்கு உண்டு. அவர் தன் கணிப்பை முதல் ஆளாக இன்னொருவருக்கு அனுப்பிவிட வேண்டும். கெடு முடிந்ததும் எல்லோர் கணிப்பும் எல்லோருக்கும் போக வேண்டும். கெடு என்பது சுற்றின் முதல் ஆட்டம் தொடங்கும் நேரம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனிக் கெடு வைத்தால், வீட்டில் சும்மா இருப்பவர் அணிப் பட்டியல் வந்த பிறகு எழுதுவார். ஷிப்டில் இருப்பவரால் அது முடியாது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனின் 2005 சூதாட்டச் சட்டத்தில் ஒரே முதலாளியிடம் வேலை செய்பவர்கள் தங்களுக்குள் பந்தயம் வைத்துக்கொள்ள விலக்கு இருக்கிறது. நடத்துபவர் அதற்குக் கட்டணம் என்று ஒரு பென்னிகூட எடுக்காமல், வந்த பணம் முழுதையும் பரிசாகத் திருப்பித் தருவதே நல்லது. வேறு கம்பெனியில் இருக்கும் மச்சானைச் சேர்த்தால் இந்த விலக்குக்குள் வர மாட்டீர்கள். இந்தியாவில் படிக்கும் நண்பர்களே, இந்தச் சலுகை உங்களுக்கு இல்லை. அங்கே 2025-ல் வந்த சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்துவிட்டது. மேலே சொன்ன அட்டவணையில் பவுண்டை அடித்துவிட்டு டீ, பரோட்டா என்று எழுதிக்கொள்ளுங்கள். சமநிலைக்குப் பரோட்டாவை வகுப்பதுதான் கொஞ்சம் கஷ்டம் ;-)