கச்சேரியை எழுத வருபவர் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும்

கச்சேரி விமர்சனம் எழுதத் தொடங்கும் இளைஞர் பலர், பாடப்பட்ட உருப்படிகளை வரிசையாகக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைமொழி சேர்த்துக் கட்டுரையை முடித்துவிடுகின்றனர். அந்தப் பட்டியலில் நான்கு நிமிடத் துக்கடாவும் ஒரு மணி நேர முதன்மை உருப்படியும் ஒரே அளவில் நிற்கின்றன. கச்சேரியோ கிடைத்த நேரத்தைப் பங்கிடும் ஒரு முறை. அந்தப் பங்கீட்டைக் கவனிக்காதவர் பாடல்களைப் பற்றி எழுதலாம். கச்சேரியைப் பற்றி எழுத இயலாது.

இன்றைய அமைப்புக்கு நிலையான வடிவம் தந்தவராக அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) கருதப்படுகிறார். மாலை 6 மணிக்குத் தொடங்கி 8.30க்கு முடியும் கச்சேரி ஒன்றை அவ்வமைப்பின்படி எண்ணிப் பார்க்கலாம்.

முதலில் மோகன ராக வர்ணமான ‘நின்னுக்கோரி’. இதை இயற்றியவர் அரியக்குடியின் குருவாகிய பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார். ஏழு நிமிடங்களில் முடியும் இவ்வுருப்படியில் ஸ்வரங்களும் முன்னரே அமைக்கப்பட்டவை; மனோதர்மத்திற்கு இடம் மிகக் குறைவு. ஆகவே பாடகரின் கற்பனையை இங்கே தேடுவது வீண். முற்பகுதியை இரண்டாம் காலத்தில் பாடும்போது கமகங்கள் மழுங்காமல் இருக்கின்றனவா, தாளம் ஓடாமல் நிற்கிறதா, வயலினும் மிருதங்கமும் குரலோடு பொருந்திவிட்டனவா என்பனவே கேட்க வேண்டியவை.

இரண்டு கீர்த்தனைகளுக்குப் பின் 6.30 மணிக்கு ஓர் ஆலாபனை தொடங்குகிறது. புதியவர் இதையே முதன்மை உருப்படி என்று எண்ணிவிடுவதுண்டு. ஆலாபனை மட்டும் அதற்கு அடையாளமாகாது. துணை முதன்மை உருப்படிக்கும் அது உண்டு. பெரும்பாலும் எந்த உருப்படியைத் தொடர்ந்து தனி ஆவர்த்தனம் வருகிறதோ, அதுவே முதன்மையானது. ராகம் தானம் பல்லவி இடம்பெறும் நாளில் தனி பல்லவிக்குப் பின் அமையக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

துணை முதன்மை உருப்படி 7 மணிக்கு முடிந்து, விரைவான சிறு பாடல் ஒன்றின் பின் 7.05க்குக் காம்போஜி தொடங்குகிறது என்று கொள்வோம். பாடகரின் ஆலாபனைக்கு 15 நிமிடம், வயலினுக்கு 8. தியாகராஜரின் ‘ஓ ரங்கசாயி’, சரண வரியில் நிரவல், கற்பனாஸ்வரம் ஆகியவற்றுக்கு 22. தனிக்கு 15. துக்கடாக்களுக்கு 25 நிமிடம் எஞ்சுகிறது.

துணை முதன்மை உருப்படி 20 நிமிடம் நீண்டுவிட்டால் என்ன ஆகும்? காம்போஜி 7.25க்குத்தான் தொடங்கும், ஸ்வரம் முடிய 8.10 ஆகிவிடும். பெரும்பாலும் அந்த இழப்பு மிருதங்கக் கலைஞரின் தலையில் விழும். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து அளவைச் சுருக்கிச் செல்லும் குறைப்பு விடுபடும். வாசிப்பு நேரே மோராவுக்கும் கோர்வைக்கும் தாவும். இதை அறியாதவர் “தனி சுருக்கமாக இருந்தது” என்று எழுதிவிடுவார். குறை வாசித்தவருடையதன்று, நேரத்தைப் பங்கிட்டவருடையது. விமர்சனத்தில் ஒரு வரி மட்டுமே பெறும் கலைஞருக்கு அந்த ஒரு வரியும் தவறாக அமைவது அநீதி. தனியின்போது எழுந்து செல்லும் கூட்டத்தோடு தாமும் சென்றுவிடும் விமர்சகர் இதை ஒருபோதும் கண்டறியமாட்டார்.

இறுதிப் பகுதியையும் எச்சமாகக் கருதலாகாது. பதம், ஜாவளி, தாளமின்றிப் பாடப்படும் விருத்தம், தில்லானா ஆகியன இங்கே வந்து, மங்களத்தோடு நிறைவு பெறும். எந்த உருப்படிக்கு எந்த இடம் என்பது மதிப்பீட்டையும் காட்டுகிறது. தமிழ்ப் பாடல்கள் துக்கடாக்களாகவே ஒதுக்கப்படுகின்றன என்பது 1940களின் தமிழிசை இயக்கம் எழுப்பிய குறை. அதன் வலு அந்தப் பாடல்கள் பெற்ற நிமிடங்களில் இருந்தது.

இவ்வமைப்பு மீற முடியாத விதியும் அன்று. டி. எம். கிருஷ்ணா வர்ணத்தைத் தொடக்கத்திலிருந்து நகர்த்தி, கச்சேரியின் நடுவில் விரிவாகப் பாடியிருக்கிறார். அதை ஏற்பவரும் மறுப்பவரும் உண்டு. ஆனால் வர்ணம் வழக்கமாக எங்கே, எவ்வளவு நேரம், எதற்காகப் பாடப்படுகிறது என்று அறிந்தவருக்கே அம்மாற்றம் ஒரு வாதமாகப் புலப்படும். மற்றவருக்கு அது பட்டியலில் இடம் மாறிய ஒரு பெயர் மட்டுமே.

ஆகவே புதியவரின் குறிப்பேட்டில் ராகம், தாளம், இயற்றியவர் பெயர் ஆகியவற்றுக்கு முன்னால் இன்னொரு பத்தி வேண்டும்: ஒவ்வொரு பகுதியும் தொடங்கிய நேரம். தனிக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது என்பதை அதில் பார்த்த பின்னரே அதைப் பற்றிய வரியை எழுத வேண்டும்.