கைகாட்டி மட்டும் போதாது

விடுமுறைக்கு ஊர் செல்ல இரண்டு இரவுகளைப் புகைவண்டியில் கழிப்பவர்கள் நாம். ஆதலால் கைகாட்டி மரத்தை நண்பர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. இன்று பெரும்பாலான தடங்களில் நிறவிளக்குகள் வந்துவிட்டன; எனினும் கை இறங்கினால் வழி உண்டு, கிடையாக நின்றால் வழி இல்லை என்பது நம் பெற்றோர் கண்ட காட்சி. அதற்கு மேல் அந்தக் கை எதுவும் சொல்லாது. எத்தனை வண்டிகள் காத்திருக்கின்றன, அவற்றில் யார் வருகிறார் என்று அதனிடம் கேட்க முடியாது. டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா, கணிப்பொறிக்குள் பல வேலைகளை ஒழுங்குபடுத்த 1960களில் ஓர் உத்தியை அமைத்தபோது, இந்தக் கைகாட்டியின் பெயரையே அதற்கு இட்டார். அதுதான் செமஃபோர். அந்தப் பெயரின் பொருளை மறந்ததால் நான் பட்ட பாட்டையும், அதனால் நான் கொண்ட ஒரு கருத்தையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் ஆய்வுக்கு ஒரு கைகர் குழாய் வேண்டியிருந்தது. கதிர்வீச்சுத் துகள் ஒன்று குழாய்க்குள் புகுந்தால் ஒரு மின்துடிப்பு எழும். ஒவ்வொரு துடிப்பும் வந்த நேரத்தை மைக்ரோ நொடியில் குறித்து, ஒரு சிறிய நினைவக அட்டையில் எழுத வேண்டும். இதற்காக ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லையும், அதில் ஓடும் ஃப்ரீஆர்டாஸ் என்னும் நிகழ்நேர அமைப்பையும் எடுத்துக்கொண்டேன். துடிப்பு வந்ததும் சில்லு தன் வேலையை நிறுத்திவிட்டுக் குறுக்கீட்டு நிரலுக்குத் தாவும். அது கடிகாரத்தைப் படித்து உடனே திரும்பிவிட வேண்டும்; அங்கே காத்திருக்கக் கூடாது. அட்டையில் எழுதும் பொறுமையான வேலை ‘டாஸ்க்’ என்னும் தனி நிரலுக்கு உரியது. அந்த வேலைக்குத் துடிப்பு ஒன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லி நொடி பிடித்தது.

இந்த இரண்டுக்கும் இடையே செய்தி எப்படிப் போவது? நான் எளிய வழியைத் தேர்ந்தேன். குறுக்கீட்டு நிரல் நேரத்தை ஒரு பொது மாறியில் எழுதிவிட்டு, செமஃபோரைத் தூக்கும். அதற்காகவே உறங்கிக் காத்திருக்கும் டாஸ்க் விழித்து, மாறியைப் படித்து, அட்டையில் எழுதும். துடிப்பு எழுப்பும் கருவியைக் கொண்டு நொடிக்கு 100 துடிப்புகள் செலுத்திச் சோதித்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. மகிழ்ந்துபோனேன்.

பிறகு உண்மையான கதிர்மூலங்களை வைத்தேன். ஒரு துடிப்புக்குப் பின் குழாய் சற்று நேரம் செயலற்றிருக்கும். அந்த நேரத்தை அளக்க இரு மூலங்களைத் தனித்தனியாகவும் சேர்த்தும் எண்ணுவது வழக்கம். தனியே வைத்தபோது ஒவ்வொன்றும் நொடிக்கு 50ஐ ஒட்டித் தந்தது. சேர்த்து வைத்தபோதோ 90 அளவே வந்தது. கணக்கிட்டால் குழாயின் செயலறு நேரம் ஒன்றரை மில்லி நொடிக்கு அருகில் வந்தது. இத்தகைய குழாய்க்கு அது 100 மைக்ரோ நொடி அளவில் இருக்க வேண்டும். ஆய்வேட்டில் “இக்குழாய் பழுதுபட்டது” என்று எழுதவும் துணிந்துவிட்டேன்.

தடுத்தவர் எங்கள் ஆய்வுக்கூடத்தில் மூத்தவரான மதுரை அண்ணன் ஒருவர். “தம்பி, உன் கருவி விட்ட துடிப்பெல்லாம் ராணுவ நடை போட்டு வருது. கதிர்வீச்சு அப்படியா வரும்? மூணு துடிப்பை நெருக்கமா விட்டுப் பாரேன்” என்றார்.

ஒரு மில்லி நொடி இடைவெளியில் இரண்டு துடிப்புகள் விட்டேன், இரண்டும் பதிவாயின. மூன்று விட்டேன், இரண்டே பதிவாயின! நடந்தது இதுதான். முதல் துடிப்பு டாஸ்க்கை எழுப்பிவிட்டது. அது 5 மில்லி நொடி வேலையில் மூழ்கியிருக்கையில் இரண்டாவது வந்து, தன் நேரத்தை மாறியில் எழுதிச் செமஃபோரைத் தூக்கியது. மூன்றாவது வந்தபோது செமஃபோர் ஏற்கனவே தூக்கியிருந்தது. தூக்கிய கையை மேலும் தூக்க முடியுமா? மாறியில் இருந்த இரண்டாவதன் நேரத்தையும் மூன்றாவது அழித்துவிட்டது. “இடமில்லை” என்று அமைப்பு விடை தந்திருக்கிறது. நான்தான் அந்த விடையைப் பார்க்கவேயில்லை.

சீரான துடிப்புகள் 10 மில்லி நொடிக்கு ஒன்றாக வந்ததால் என் சோதனையில் குறை தெரியவில்லை. கதிர்வீச்சோ கொத்தாகவும் வரும், இடைவெளி விட்டும் வரும். கணக்குப் போட்டால், சராசரி நொடிக்கு 10 என்றால் ஆயிரத்தில் ஒன்றே தொலைகிறது. 100 என்றால் நூற்றுக்குப் பத்து அளவில் தொலைகிறது. மூலம் வலுக்க வலுக்க இழப்பும் கூடுவதால், அது குழாயின் இயல்பு போலவே வேடம் போடுகிறது. பழி குழாயின் மேல் விழுந்தது. குற்றம் என் நிரலில் இருந்தது.

இதற்குரிய மருந்து வரிசை. வரிசையில் இடும் பொருளை அமைப்பு தனியே படியெடுத்து வைத்துக்கொள்ளும். பின்வருவது முன்வந்ததை அழிக்காது. குறுக்கீட்டு நிரலை இப்படி மாற்றினேன்:

```c
void pulse_isr(void)
{
    BaseType_t woken = pdFALSE;
    uint32_t t = timer_read();
    if (xQueueSendFromISR(q, &t, &woken) != pdPASS)
        lost++;
    portYIELD_FROM_ISR(woken);
}
```

இதில் இரண்டு வரிகளைக் கவனிக்க வேண்டும். கடைசி வரி, விழித்த டாஸ்க்கிடம் உடனே சில்லை ஒப்படைக்கிறது. அதை விட்டுவிட்டால் டாஸ்க் அடுத்த கடிகாரத் தட்டு வரை சும்மா காத்திருக்க நேரும். மற்றொன்று `lost++`. வரிசையும் நிறையக்கூடியதே. குறுக்கீட்டு நிரல் காத்திருக்க முடியாதாகையால், நிறைந்த வரிசைக்கு முன் அந்தத் துடிப்பைக் கைவிடுவது தவிர வேறு வழியில்லை. கைவிட்டதை எண்ணியாவது வைக்கலாம் அல்லவா?

வரிசை எவ்வளவு நீளம் வேண்டும்? நினைவக அட்டை சில வேளை 200 மில்லி நொடி வரை மௌனம் காத்ததைக் கண்டேன். அந்நேரத்தில் சராசரி 20 துடிப்புகள் வரும். கொத்தாக வந்தால் முப்பதையும் தாண்டலாம். எனவே 64 இடங்கள் வைத்தேன். இடத்துக்கு 4 பைட்டு என்றால் 256 பைட்டுதான். அன்று முதல் `lost` சுழியிலேயே நிற்கிறது. செயலறு நேரமும் குழாய்க்கு உரிய அளவுக்கு இறங்கிவிட்டது.

“வரிசை மெதுவானது, மாறியும் செமஃபோரும் போதும்” என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. நொடிக்குப் பதினாயிரம் பைட்டு பாயும் தொடர் இணைப்பில் ஒவ்வொரு பைட்டையும் வரிசையில் இடுவது வீண் செலவே. அங்கே மொத்தமாகச் சேர்த்து அனுப்பும் முறைகள் உள்ளன. எண்ணிக்கை மட்டும் போதுமானால், பல முறை தூக்கக்கூடிய எண்ணும் செமஃபோரே போதும். மேலும், எந்த வரிசையும் சராசரி வேகத்தை வெல்லாது. துடிப்புக்கு 5 மில்லி நொடி எடுக்கும் என் டாஸ்க், நொடிக்கு 200க்கு மேல் வந்தால் எத்தனை இடம் கொடுத்தாலும் மூழ்கும். அப்போது பல துடிப்புகளைச் சேர்த்து ஒரே முறையில் எழுத வேண்டும்.

ஆனால் ஒவ்வொரு செய்தியும் தனித்தனியே தேவைப்படும் இடத்தில், கைகாட்டியை நம்பிப் பொது மாறியில் எழுதுவது பிழை என்பது என் துணிபு. எதைத் தேர்ந்தாலும் அமைப்பு தரும் விடையைப் பாருங்கள், இழந்ததை எண்ணுங்கள், அந்த எண்ணை முடிவுகளோடு சேர்த்து அச்சிடுங்கள். சுழி என்று அச்சிட்ட பிறகு குழாயைக் குறை சொல்லலாம். அதற்கு முன் சொல்ல நமக்கு உரிமை இல்லை.