சுவரை வெட்டினால் கூரை தொங்கும்

மாணவர்களே, கொள்கலன் வீட்டின் படம் வரையச் சொன்னால் பலரும் ஒரே மாதிரிதான் வரைகிறீர்கள். நீளமான பக்கச் சுவர் முழுவதையும் எடுத்துவிட்டு, கண்ணாடிக் கதவு வைத்து, முன்னால் ஒரு மரத்தளம் போடுகிறீர்கள். பார்க்க அழகுதான். ஆனால், அந்தக் கூரையை இப்போது எது தாங்குகிறது?

கப்பலில் கொள்கலன்களை அடுக்கும்போது, மேலே உள்ளவற்றின் எடை நான்கு மூலைத் தூண்கள் வழியாகக் கீழே இறங்குகிறது. தூண்களுக்கு நடுவே, மேல் விட்டமும் கீழ் விட்டமும் வளையாமல் பிடித்துக்கொள்வது பக்கச் சுவர். அதன் தகடு 2 மில்லிமீட்டர்கூட இராது. பலம் அதன் அலை மடிப்பில் இருக்கிறது. ஒரு தாளை நிமிர்த்தி வைத்து அதன்மேல் புத்தகத்தை வையுங்கள், தாள் மடங்கிவிடும். அதே தாளை விசிறிபோல் மடித்து நிறுத்தினால் புத்தகம் நிற்கும். தோட்டத்து வீடுகளின் தகரக் கூரைக்கும் இதே அலைதான் பலம்.

ஆகவே 12 மீட்டர் சுவரை அப்படியே அறுத்தெடுத்தால் மேல் விட்டம் நடுவில் தொங்கும். முதலில் இழுவைக் கதவு சிக்கும். விட்டத்தின் இரு முனைகளுக்கும் நூல் கட்டிப் பார்த்தால் தொய்வு தெரிந்துவிடும். என் கருத்தில், பெரிய திறப்பு வேண்டுமென்றால் ஏற்கெனவே கதவும் உறுதியான சட்டமும் உள்ள குறுக்குப் பக்கத்தைத் திறப்பதே நல்லது. தஞ்சோங் காராங் வயலை நீளவாக்கில் பார்த்தே ஆக வேண்டுமா? அப்படியானால் திறப்பைச் சுற்றித் தடித்த இரும்புச் சட்டம் பற்றவைக்க வேண்டும். அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் ‘மலிவான வீடு’ என்பது சரியில்லை. படத்திலும் அந்தச் சட்டம் தெரிய வேண்டும்.

இரண்டு கொள்கலன்களைச் சேர்க்கும் இடம் இன்னும் சிக்கலானது. நடுச் சுவர்கள் இரண்டையும் எடுப்பதால் அங்கே தூணும் விட்டமும் தேவை. இடைவெளியைச் சிலிக்கோன் பூசி மட்டும் அடைத்தால் போதாது. எஃகு 10 பாகை சூடேறினால் மீட்டருக்குச் சுமார் 0.12 மில்லிமீட்டர் நீளும். ஒரு கொள்கலன் வெயிலிலும் மற்றது மரநிழலிலும் இருந்து, வெப்பநிலை 20 பாகை வேறுபட்டால், 12 மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். தினமும் இப்படி இழுபட்டால் பூச்சு பிய்ந்து மழை உள்ளே இறங்கும். மடித்த தகரத் தொப்பியை ஒரு பக்கம் மட்டும் திருகாணியால் இறுக்கி, மறுபக்கம் நகர விட்டால் நீர் மேலேயே வழிந்துவிடும்.

மரத்தளத்தையும் சுவரில் தொங்கவிடாதீர்கள்; அதற்குத் தனிக் கால்கள் வேண்டும். நம் கரையோரக் களிமண் மெதுவாக அமுங்கும். வீடு ஓர் அளவும் தளம் ஓர் அளவும் இறங்கலாம். அதனால் இரண்டையும் பற்றவைக்காமல், நடுவில் ஒரு விரல் அளவு இடைவெளி விட்டு வரையுங்கள்.